ஒரு நாள் காய்ச்சலுக்குச் சீட்டு வேண்டுமா?
சேர்வராயன் மலையை முன்வைத்து ஒரு பார்வை

காலையில் உடம்புக்கு முடியவில்லை. வேலைக்குப் போகவில்லை. மறுநாள் சரியாகிவிட்டது. இடைப்பட்ட அந்த ஒரு நாளுக்கு மருத்துவரின் கையெழுத்து வேண்டுமா, ‘இன்று வரமுடியாது’ என்று சொல்லியனுப்பினால் போதுமா? கூலி கொடுப்பவரும் வாங்குபவரும் என்று இரண்டு பேர் இருக்கும் எல்லா இடத்திலும் இந்தக் கேள்வி எழுந்திருக்கிறது. பதில்கள் இடத்துக்கு இடம் வேறுபடுகின்றன. ஒரே ஊருக்குள்ளேயே வேறுபடுகின்றன.

அப்படி வேறுபடும் ஊருக்கு ஏற்காடு நல்ல எடுத்துக்காட்டு. காப்பித் தோட்டங்கள், அரசுப் பள்ளிகள், பழைய உறைவிடப் பள்ளிகள், சுற்றுலா விடுதிகள், ஐந்து ஏக்கர் பத்து ஏக்கரில் மிளகும் காப்பியும் வளர்க்கும் சிறு விவசாயிகள் என எல்லாம் ஒரே மலையில் இருக்கின்றன. ஒரே காய்ச்சல் இவர்களில் யாருக்கு வருகிறது என்பதைப் பொறுத்துச் சட்டம் அதை வெவ்வேறாகப் பார்க்கிறது. இந்த வேறுபாடு நோயின் தன்மையிலிருந்து வரவில்லை. அந்த நாளை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதிலிருந்து வருகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கேள்வியின் பிறப்பு

சேர்வராயன் மலையில் காப்பி வந்தது 1820களில். அன்றைய சேலம் கலெக்டர் எம்.டி. காக்பர்ன் அதைக் கொண்டுவந்து நட்டார் என்பது மலையின் வரலாற்றில் நிலைத்துவிட்ட செய்தி. தோட்டம் பெருகியபோது ஆள் தேவைப்பட்டது. முன்பணம் கொடுத்து ஆள் பிடிக்கும் மேஸ்திரி முறை தென்னிந்தியத் தோட்டங்களில் வேரூன்றியது. முன்பணம் வாங்கியவர் வேலைக்கு வராமல் போனால் என்ன செய்வது என்ற முதலாளிகளின் கவலைக்கு விடையாக 1859-இல் ஒரு சட்டம் வந்தது. முன்பணம் வாங்கிக்கொண்டு, நியாயமான காரணமின்றி வேலை செய்ய மறுப்பவரை மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்தலாம். மூன்று மாதம் வரை சிறைக்கும் அனுப்பலாம்.

அந்தச் சட்டத்தில் ‘நியாயமான காரணமின்றி’ என்ற சொற்களைக் கவனிக்க வேண்டும். நோய் நியாயமான காரணம்தான். ஆனால் நோய்தான் காரணம் என்று நிரூபிக்கும் சுமை வராதவர் தலையில் விழுந்தது. வேலைக்கு வராத நாள் ஒப்பந்த மீறலாகவும் குற்றமாகவும் பார்க்கப்பட்ட காலத்தில், நோய்ச் சான்று என்பது சிறைக்குப் போகாமல் தப்பிக்கும் சீட்டு. 1920களின் நடுவில் அந்தச் சட்டம் ஒழிந்தது. சந்தேகத்தை முன்வைத்துத் தொடங்கும் அந்தப் பார்வை மட்டும் எளிதில் ஒழியவில்லை.

அடுத்த கட்டத்தில் கேள்வி திசைமாறியது. 1944-இல் பி.பி. அடர்க்கர் தொழிலாளர் நலக் காப்பீடு பற்றி அறிக்கை தந்தார். அதன் தொடர்ச்சியாக 1948-இல் இ.எஸ்.ஐ. சட்டமும், தோட்டங்களுக்கெனத் தனியாக 1951-இல் தோட்டத் தொழிலாளர் சட்டமும் வந்தன. வராதவரைத் தண்டிப்பது எப்படி என்பது போய், வராத நாளுக்கும் ஏதாவது கொடுப்பது எப்படி என்று கேட்கத் தொடங்கினார்கள். பணம் கொடுப்பதென்றால் தணிக்கை வரும். தணிக்கைக்குத் தாள் வேண்டும். இன்று நாம் காணும் மருத்துவச் சான்று இந்த இரண்டாம் பிறப்பில் உருவானது. இருந்தாலும், முதல் பிறப்பின் சந்தேகம் அதன் ஓரத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

முதல் நாளிலிருந்தே சீட்டு

முதல் நிலைப்பாடு கறாரானது: பணம் வேண்டுமென்றால் முதல் நாளிலிருந்தே சான்று வேண்டும். 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு இதைத்தான் சொன்னது. தகுதி பெற்ற மருத்துவர் ஒருவர் சான்றளித்த நோய்க்கு, தோட்ட உரிமையாளர் நோய்ப்படி தர வேண்டும். விகிதமும் நாட்களும் மாநில விதிகளில். ‘தகுதி பெற்ற மருத்துவர்’ யார் என்பதையும் சட்டமே வரையறுத்தது: அங்கீகரிக்கப்பட்ட பட்டமோ மருத்துவக் கவுன்சில் பதிவோ உள்ளவர். தோட்டத்து மருந்தகத்தில் மாத்திரை கொடுக்கும் கம்பவுண்டரோ செவிலியரோ, நோயாளியை முப்பது வருடமாகப் பார்த்தவராக இருந்தாலும், கையெழுத்துப் போட முடியாது.

இந்த நிலைப்பாட்டில் நியாயம் இல்லாமல் இல்லை. கூலிக்கு மாற்றாக ஒரு தொகை நோய்க்கென்றே ஒதுக்கப்படும்போது, அது நோய்க்குத்தான் போகிறதா என்று கேட்பது இயல்பு. தோட்ட நிர்வாகம் நோயாளியின் பேச்சை நம்பாவிட்டாலும் மூன்றாவது ஆளான மருத்துவரின் பேச்சை நம்பலாம். தொழிலாளிக்கும் இதில் ஒரு பாதுகாப்பு உண்டு: கையில் சான்று இருந்தால், மேஸ்திரியின் விருப்பு வெறுப்புக்கு அந்த நாள் பலியாகாது.

தமிழர்கள் பெருமளவில் வேலைசெய்யும் சிங்கப்பூரிலும் இதே நிலைப்பாடுதான். அங்கே ‘எம்.சி.’ என்பது அன்றாடப் பேச்சுச் சொல். சம்பளத்துடன் நோய் விடுப்பு வேண்டுமென்றால் மருத்துவர் சான்று தேவை. வெளிநோயாளியாக ஆண்டுக்கு 14 நாள் வரை கிடைக்கும். அதோடு, 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தகவலும் சொல்லியிருக்க வேண்டும். அதாவது அங்கே சீட்டும் தகவலும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. தகவல் ஒரு வேலையைச் செய்கிறது, சீட்டு வேறொரு வேலையைச் செய்கிறது. இந்தப் பிரிவை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. நம் ஊர்த் தகராறுகளில் பாதி இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வருபவை.

சிங்கப்பூரில் கூப்பிடு தூரத்தில் கிளினிக் இருக்கிறது. சேர்வராயன் மலையின் உட்கிராமங்களில் இல்லை. இந்த நிலைப்பாட்டின் பலவீனம் அங்கேதான். நாகலூர்ப் பக்கமோ மாரமங்கலம் பக்கமோ உள்ள ஒரு தோட்டத்தில், வயிற்றுப்போக்கால் துவண்ட ஒருவர் ஏற்காடு அரசு மருத்துவமனைக்குப் போய்வர, பேருந்துக்குக் காத்திருப்பதும் சேர்த்து, அரை நாளுக்குமேல் ஆகும். கூட ஒருவர் வந்தால் அவருக்கும் அன்றைய கூலி போகும். உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரும் படுக்கையும் போதுமான நோய்க்கு, மருந்துக்காக அல்லாமல் தாளுக்காகவே ஒரு பயணம்.

முதல் இரண்டு நாள் கணக்கிலேயே இல்லை

இரண்டாம் நிலைப்பாடு ஒரு நாள் நோயைத் தணிக்கைக்கே கொண்டுவருவதில்லை. இ.எஸ்.ஐ. முறை அதைத்தான் செய்கிறது. தகுதியுள்ள காப்பீட்டாளருக்குச் சராசரி தினக் கூலியில் 70 விழுக்காடு, ஆண்டில் 91 நாள் வரை நோய்ப்பயன் கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு நோய்க்காலத்தின் முதல் இரண்டு நாட்களுக்குப் பணம் கிடையாது. விதிவிலக்கு ஒன்று உண்டு: ஏற்கெனவே பணம் பெற்ற நோய்க்காலம் முடிந்து 15 நாளுக்குள் மறுபடி விழுந்தால் இந்தக் காத்திருப்பு இல்லை.

இதன் பின்னுள்ள கணக்கு எளிது. சின்னச் சின்ன நோய்கள் எண்ணிக்கையில் மிக அதிகம். ஒவ்வொன்றையும் சரிபார்க்கும் செலவு கொடுக்கும் பணத்தைவிடக் கூடும். அந்த இழப்பைத் தொழிலாளி தாங்கிக்கொள்ளட்டும், குடும்பத்தைக் கவிழ்க்கும் நீண்ட நோய்க்குக் காப்பீடு கைகொடுக்கட்டும். காப்பீட்டுக்காரரின் பார்வையில் இதில் தவறில்லை. ஆனால் ஒரு நாள் நோய்க்காரருக்கு இதன் பொருள் வேறு. அவர் இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் கால்கடுக்க நின்று சான்று வாங்கினாலும் அந்த நாளுக்குக் காசு வராது. அப்படியானால் சான்று எதற்கு? ‘சொல்லாமல் நின்றுவிட்டார்’ என்று ஆலையோ விடுதியோ எழுதாமல் இருப்பதற்கு. பணத்தின் கணக்கிலிருந்து விலகிய சான்று, ஒழுங்கு நடவடிக்கையின் கணக்குக்குப் போய்விடுகிறது.

இந்தக் கணக்கில் சான்றுக்கு எவ்வளவு வலு என்பதற்குச் சென்னையின் பக்கிங்காம் கர்னாடிக் ஆலை வழக்கு இன்னும் மேற்கோள் காட்டப்படுகிறது. 1957 ஜனவரியில் சில நாள் விடுப்பில் ஊருக்குப் போன ஒரு தொழிலாளி மார்ச் வரை திரும்பவில்லை. இடையில் தகவலும் இல்லை. திரும்பியபோது அரசு மருத்துவர் ஒருவர் தந்த சான்று கையில் இருந்தது. எட்டு நாள் தொடர்ந்து வராவிட்டால் வேலையை விட்டதாகக் கொள்ளலாம் என்பது ஆலையின் நிலையாணை. இ.எஸ்.ஐ. கழகம் நோயை ஏற்றுக்கொண்டது, ஆலை ஏற்கவில்லை. 1963-இல் உச்சநீதிமன்றம் ஆலையின் பக்கம் நின்றது. கழகம் ஏற்ற சான்று முதலாளியைக் கட்டாயப்படுத்தாது என்பது அதன் சாரம். பின்னாளில் உச்சநீதிமன்றமே, விசாரணையின்றித் தானாக வேலை போய்விடும் என்ற வாசகங்களை வெகுவாக இறுக்கிப்பிடித்திருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் இந்தத் தீர்ப்பைப் படிக்க வேண்டும். ஆனால் நமக்குத் தேவையான செய்தி தெளிவு: தகவல் இல்லாத இடத்தைப் பின்னால் வரும் சீட்டு முழுதாக நிரப்பிவிடாது.

சொன்னால் போதும்

மூன்றாம் நிலைப்பாட்டுக்குத் தமிழ்நாட்டில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் நன்கறிந்த பெயர் உண்டு: சி.எல்., தற்செயல் விடுப்பு. ஆண்டுக்கு 12 நாள். காரணம் காய்ச்சலாக இருக்கலாம், கல்யாணமாக இருக்கலாம், யாரும் துருவுவதில்லை. காலையில் தலைமையாசிரியருக்கு ஒரு போன் அல்லது வாட்ஸ்அப் செய்தி, மறுநாள் விண்ணப்பம். ‘சி.எல். போட்டிருக்கார்’ என்பதும் ‘மெடிக்கல் போட்டிருக்கார்’ என்பதும் ஆசிரியர் அறையில் இரண்டு வேறு செய்திகள். முன்னதற்குச் சான்று வேண்டாம். பின்னதற்குச் சான்றில்லாமல் வழியில்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டமும் 1947-லேயே இப்படி இரண்டு கணக்குகளைப் பிரித்துவைத்தது: நோய்க்கு 12 நாள், தற்செயலாக 12 நாள்.

மத்திய அரசின் 1972-ஆம் ஆண்டு விடுப்பு விதிகளில் இதைவிடச் சுவையான ஓர் ஏற்பாடு இருக்கிறது. மூன்று நாளுக்கு மிகாத விடுப்புக்கு அதிகாரி விரும்பினால் மருத்துவச் சான்று வேண்டாமென்று விட்டுக்கொடுக்கலாம். ஆனால் விட்டுக்கொடுத்தால் அந்த விடுப்பை மருத்துவ விடுப்பாக எழுத முடியாது; வேறு விடுப்புக் கணக்கில்தான் கழிக்க வேண்டும். இங்கே அரசே ஒப்புக்கொள்கிறது: ஊழியர் நோயாளி என்பதை நம்புவதற்குச் சான்று தேவையில்லை, இன்ன பேரேட்டில் எழுதுவதற்குத்தான் தேவை. இக்கட்டுரையின் வாதத்துக்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

பிரிட்டன் 1982 முதல் ஏழு நாள் வரை நோயாளியின் சொந்த அறிவிப்பையே ஏற்கிறது. ஜெர்மனியில் மூன்று நாளைத் தாண்டினால் சான்று. ஆனால் முதலாளி விரும்பினால் முதல் நாளே கேட்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை என்று 2012-இல் அந்நாட்டின் தொழிலாளர் உச்சநீதிமன்றம் சொன்னது.

‘சொன்னால் போதும் என்றால் எல்லோரும் சொல்லிவிட்டு வீட்டில் இருந்துவிடுவார்கள்’ என்பது பழகிய மறுப்பு. இதைச் சோதித்துப் பார்த்த நாடு ஸ்வீடன். 1988-இன் பிற்பாதியில் கோத்தன்பர்க் நகரிலும் யெம்ட்லண்ட் மாவட்டத்திலும், இரட்டைப்படைத் தேதியில் பிறந்தவர்களுக்கு மட்டும் சான்றில்லாத காலம் ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரமாக நீட்டப்பட்டது. பிறந்த தேதிக்கும் நோய்க்கும் தொடர்பில்லாததால் ஒப்பீடு சுத்தமானது. நீட்டப்பட்டவர்களின் நோய்விடுப்பு சராசரியாக அரை நாளையொட்டிக் கூடியது என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் கண்டனர். ஆகவே மறுப்பில் உண்மை இருக்கிறது. ஆனால் அது இரண்டாம் வாரத்தைப் பற்றிய உண்மை. முதல் நாளுக்குச் சான்று கேட்டால் என்ன ஆகும் என்பதை அந்தச் சோதனை தொடவே இல்லை. முதல் நாளே சீட்டு கேட்பதை ஆதரித்து இதை மேற்கோள் காட்டுவது சரியாகாது. ஒருவேளை நேர்மாறாகவும் நடக்கலாம்: ஒரு நாளுக்காக மருத்துவரிடம் போனவருக்கு அவர் வழக்கமாக எழுதும் ‘மூன்று நாள் ஓய்வு’ கிடைத்துவிட்டால், ஒரு நாள் விடுப்பு மூன்றாகும்.

மருத்துவர் எதைப் பார்த்து எழுதுகிறார்?

இந்த மூன்று நிலைப்பாடுகளும் பொதுவாக ஒன்றை நம்புகின்றன: சான்று என்றால் சரிபார்க்கப்பட்ட உண்மை. ஒரு நாள் நோயில் இந்த நம்பிக்கை எவ்வளவு நிற்கும் என்று பார்க்க வேண்டும்.

காய்ச்சலை வெப்பமானி காட்டும். கடும் வயிற்றுப்போக்கில் நாக்கு வறண்டிருக்கும், நாடி வேகமாக இருக்கும், கிள்ளிய தோல் மெதுவாகத் திரும்பும். ஒற்றைத் தலைவலிக்கும் மாதவிடாய் வலிக்கும் முதுகுப் பிடிப்புக்கும் அப்படிப் பார்க்க ஒன்றுமில்லை. நோயாளி சொல்வதைத்தான் மருத்துவர் எழுதுகிறார். நோயாளி மறுநாள் வந்தால் காய்ச்சலும் இறங்கியிருக்கும். அப்போது நேர்மையாக எழுதக்கூடிய வாசகம் ஒன்றுதான்: ‘இன்று பரிசோதித்தேன்; நேற்று வாந்தியும் வயிற்றுப்போக்கும் இருந்ததாகக் கூறுகிறார்; இன்று வேலைக்குத் தகுதியாக உள்ளார்.’ கூர்ந்து பார்த்தால் இதன் நடுவாக்கியம், தொழிலாளி மேஸ்திரிக்குச் சொல்லியனுப்பிய அதே தகவல். மருத்துவர் முத்திரை வைத்து அதைத் திருப்பித் தருகிறார்.

நடைமுறையில் பல சான்றுகளில் இந்த நேர்மையான வாசகம் இருப்பதில்லை. நேற்றைய தேதியிலிருந்தே நோய் ‘இருந்தது’ என்று எழுதப்படுகிறது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறைகள் இதற்குக் கடிவாளம் போடுகின்றன. மருத்துவர் சான்றுகளுக்குத் தனிப் பதிவேடு வைக்க வேண்டும். நகல் ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். நோயாளியின் கையெழுத்து அல்லது பெருவிரல் ரேகை, முகவரி, ஓர் அங்க அடையாளம் ஆகியவை சான்றில் இருக்க வேண்டும். பொய்ச்சான்று தந்தால் பதிவே நீக்கப்படலாம். ஆகவே சான்றைப் பார்ப்பவர் நோயின் பெயரைவிட வேறு சிலவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும்: பதிவு எண் இருக்கிறதா, பரிசோதித்த தேதி தனியாக இருக்கிறதா, அந்தத் தேதிக்கு முந்தைய நாட்களை ‘கண்டேன்’ என்கிறதா ‘கூறுகிறார்’ என்கிறதா, அங்க அடையாளம் உண்டா. பரிசோதனைத் தேதியே இல்லாமல் ‘இந்நாள் முதல் இந்நாள் வரை’ என்று மட்டும் இருக்கும் தாள், விலை கொடுத்து வாங்கப்பட்டதாக இருக்கலாம் என்ற ஐயத்துக்கு இடம் தருகிறது.

இதற்கும் சும்மா சொல்வதற்கும் நடுவே ஒரு தாள் உண்டு. யாரும் அதைப் பெரிதாக மதிப்பதில்லை: அரசு மருத்துவமனையின் ஓ.பி. சீட்டு. தேதி, பெயர், வயது, எழுதிய மருந்து ஆகியவை அதில் இருக்கும். ‘இத்தனை நாள் ஓய்வு தேவை’ என்று அது சொல்லாது. ஆனால் இன்ன நாளில் இவர் வரிசையில் நின்றார் என்பதை எந்தச் சான்றையும்விட நம்பும்படி சொல்லும். மருத்துவரிடம் எப்படியும் போன ஒருவரிடம், ஒரு நாள் விடுப்புக்கு இதற்கு மேல் கேட்பதன் பயன் குறைவு.

ஒரே விருந்து, நான்கு பேரேடு

இனி இவற்றை ஒரு நாளில் வைத்துப் பார்க்கலாம். கற்பனைதான், ஆனால் மலையில் நடக்கக்கூடியது. டிசம்பர் மாதம், காப்பிப் பழம் பறிக்கும் காலம். ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு ஒன்றில் சாப்பிட்ட நான்கு பேருக்கு இரவெல்லாம் வாந்தி, வயிற்றுப்போக்கு. திங்கட்கிழமை நால்வரும் வேலைக்குப் போகவில்லை. செவ்வாய் போய்விட்டார்கள்.

முதலாமவர் அரசுப் பள்ளி ஆசிரியர். காலை ஏழரைக்குச் செய்தி அனுப்பினார், சி.எல்.லில் ஒன்று கழிந்தது. சம்பளத்தில் ஒரு ரூபாயும் குறையவில்லை. அவர் மருத்துவச் சான்று கொடுத்திருந்தால்தான் வேலை கூடியிருக்கும்: ஒரே ஒரு நாளுக்கு மருத்துவ விடுப்பு, பிறகு தகுதிச் சான்று. அன்று வேலைநிறுத்த நாளாக இருந்திருந்தால் மட்டும் கதை வேறு. அந்த நாட்களில் சி.எல். கிடையாது என்று சுற்றறிக்கை வருவது வழக்கம். உண்மையாகவே நோயுற்றவர் அன்று சான்றோடுதான் வர வேண்டும். பல பேர் ஒரே காரணத்தை ஒரே நாளில் சொல்லும்போது தகவலின் மதிப்பு இறங்கிவிடுகிறது.

இரண்டாமவர் இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள ஒரு விடுதியின் சமையலறையில் வேலை செய்பவர். காத்திருப்பு நாள் என்பதால் காப்பீட்டிலிருந்து ஒன்றும் வராது. மேலாளர் சான்று கேட்டால், மருந்தகம் சேலத்தில் என்றால், வாந்தியோடு இருபது கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி ஏற வேண்டும். அதற்குப் பதில் பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்கே போய்விடலாம் என்று அவருக்குத் தோன்றும். அங்கேதான் ஆபத்து. வயிற்றுப்போக்கு உள்ளவர் சமையலறைப் பக்கமே வரக்கூடாது. உணவுப் பாதுகாப்பு விதிகளும் அதைத்தான் சொல்கின்றன. இந்தத் தொழிலில், வராத நாளுக்குக் கேட்கும் சான்று தவறான இடத்தில் கேட்கப்படுகிறது. கேட்க வேண்டியது திரும்பி வரும் நாளில்: முழுதாக நின்றுவிட்டதா, எப்போது நின்றது என்று. டைபாய்டு போன்ற ஐயம் இருந்தால் அப்போது மருத்துவர் வேண்டும், ஒரு நாள் நோயாக இருந்தாலும். உறைவிடப் பள்ளிகளில் அம்மைக்கும் ‘மெட்ராஸ் ஐ’க்கும் இதே தர்க்கம் பொருந்தும்.

மூன்றாமவர் பெரிய தோட்டமொன்றில் பழம் பறிக்கும் பெண். கணக்குக்கு வசதியாக அவருடைய நாட்கூலி 450 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து லயத்துப் பெண் மூலம் மேஸ்திரிக்குச் சொல்லியனுப்பினார். மஸ்டரில் அன்று அவர் பெயருக்கு நேரே ஆப்சென்ட் விழுந்தது. 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏற்பாட்டில், சான்று இருந்தால் கூலியில் விதிப்படியான ஒரு பங்கு நோய்ப்படியாகக் கிடைக்கும். இல்லாவிட்டால் 450-உம் போச்சு. பறிப்புக் காலத்தில் கிலோ கணக்கில் கூடுதலாகப் பறித்துச் சம்பாதிப்பதும் சேர்த்துப் போகும். அதற்குச் சான்றும் ஈடு தராது. மறுநாள் வேலையை விட்டுவிட்டு மருத்துவமனை போனால், திங்கட்கிழமைக் கூலியின் ஒரு பங்கை மீட்கச் செவ்வாய்க் கூலியை முழுதாக இழக்க வேண்டும். கணக்கு தெரிந்த எவரும் போகமாட்டார்கள். அவரும் போகவில்லை. சட்டப்படி உரிமை இருக்கிறது. அதைப் பெறும் செலவு உரிமையைவிடப் பெரிது.

இவருடைய தகவலுக்கு என்ன ஆயிற்று என்பதையும் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண் சொன்னார், மேஸ்திரி தலையாட்டினார், யாரும் எழுதவில்லை. ஆறு மாதம் கழித்து ‘அடிக்கடி சொல்லாமல் நிற்கிறார்’ என்ற குற்றச்சாட்டு வந்தால் தலையாட்டலைச் சாட்சிக்கு அழைக்க முடியாது. தகவல் போதும் என்ற நிலைப்பாட்டின் உண்மையான ஓட்டை நோயாளி பொய் சொல்வதில் இல்லை. கேட்டவர் எழுதாமல் விடுவதில் இருக்கிறது. மஸ்டரில் ஆப்சென்ட்டுக்குப் பக்கத்தில் ‘உடல்நலமில்லை, தகவல் வந்தது, காலை 7.40’ என்று ஒரு வரி போட்டால் போதும். அலைவரிசை கிடைக்கும் இடங்களில் வாட்ஸ்அப் செய்தி தானாகவே நேரத்தைப் பதிந்துவிடுகிறது. ஆசிரியருக்கு இருந்த வசதி அதுதான்.

நான்காமவர் எட்டு ஏக்கர் வைத்திருக்கும் ஒரு சிறு விவசாயியிடம் கூலிக்குப் போகிறவர். 1981-இல் திருத்தப்பட்ட பிறகும் தோட்டச் சட்டம் ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த, பதினைந்து பேருக்குக் குறைவான இடங்களைத் தொடவில்லை. எட்டு ஏக்கர் மூன்றேகால் ஹெக்டேர்கூட இல்லை. இவரிடம் யாரும் சான்று கேட்கவில்லை. கொடுக்கப் பணம் இல்லாத இடத்தில் சான்றுக்கு என்ன வேலை? ‘நாளைக்கு வர்றேண்ணா’ என்று சொன்னார். ‘சரி, உடம்பைப் பாத்துக்க’ என்று பதில் வந்தது. நால்வரில் மிக மரியாதையான உரையாடல் இதுதான். மிகக் குறைந்த பாதுகாப்பும் இதுதான்.

தீராமல் நிற்பவை

இந்த நால்வரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஓரளவு துணிந்து சொல்லலாம்: ஒரு நாள் நோய்க்குப் பொதுவாகத் தகவல் போதும், அது எழுதப்படுமானால். நோய்க்கெனத் தனிப் பணம் கோரும்போதும், கூட்டாக வேலையை நிறுத்திய நாளிலும், அடிக்கடி ஒரே கிழமையில் விடுப்பு விழும் ஒருவருக்கு முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிட்டும் சான்று கேட்பதில் நியாயம் உண்டு. மற்றவர் உடல்நலத்தைத் தொடும் தொழிலில், திரும்பி வரும் நாளில் கேட்க வேண்டும்.

தொகை சிறிதாகவும் தூரம் பெரிதாகவும் இருக்கும் இடத்தில் தனிப்பணத்துக்கான சான்றை எப்படி மலிவாக்குவது என்பது தீரவில்லை. ஆண்டுக்கு இரண்டு மூன்று ஒற்றை நாட்களைச் சான்றின்றியே நோய்ப்படிக்கு ஏற்கலாம் என்று வாதிடலாம். தோட்டச் செவிலியரின் குறிப்பையே போதுமானதாக்கலாம் என்றும் வாதிடலாம். செவிலியர் நிர்வாகத்தின் சம்பளத்தில் இருப்பவர் என்ற எதிர்வாதத்தையும் ஒதுக்க முடியாது. தொலைபேசி வழி மருத்துவ ஆலோசனை பயணத்தை மிச்சப்படுத்தும். ஆனால் நாக்கையும் நாடியையும் பார்க்காமல் எழுதும் சான்று, முன்பு சொன்ன நடுவாக்கியத்தைத் தாண்டி வேறென்ன சொல்லும் என்ற கேள்வி அங்கேயும் நிற்கிறது.

இன்னொன்று இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் இ.எஸ்.ஐ. சட்டத்தையும் உள்ளடக்கிய புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டன. தோட்ட முதலாளி விரும்பினால் தம் தொழிலாளர்களை இ.எஸ்.ஐ.யின் கீழ் கொண்டுவர இவை வழிவிடுகின்றன. காசநோய்க்கோ அறுவை சிகிச்சைக்கோ மாதக்கணக்கில் படுக்கும் தொழிலாளிக்கு இது பழைய நோய்ப்படியைவிட மேலானதாக இருக்கக்கூடும். ஆனால் இ.எஸ்.ஐ.யின் இரண்டு நாள் காத்திருப்பு அப்படியே தொடர்ந்தால், நம் மூன்றாமவர் அடுத்த டிசம்பரில் சான்றே வாங்கி வந்தாலும் அந்தத் திங்கட்கிழமைக்கு ஒன்றும் கிடைக்காது. நீண்ட நோய்க்கு வந்த லாபத்துக்கு ஈடாக ஒரு நாள் நோயின் உரிமை போகிறதா, அந்த உரிமையை எத்தனை பேர் இதுவரை உண்மையில் பயன்படுத்தினார்கள் என்பதற்கு விடை தோட்டங்களின் மஸ்டர் ரோல்களிலும் நோய்ப்படிப் பட்டியல்களிலும்தான் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரு பறிப்புக் காலம் முழுக்க எண்ணிப் பார்க்க வேண்டும்.